இரண்டு பாட்டில், ஒரு குண்டு பல்பு: கரியமில வாயு சோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு பக்கம் ஒரு மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். பள்ளிகளில் சயின்ஸ் எக்ஸிபிஷன் வரும் மாதங்களில் இந்த ஒரு சோதனையைப் பற்றித்தான் ஓயாமல் போன் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

மிஸ், இதுல என்னதான் செய்யணும்? சுருக்கமா சொல்லுங்க.

ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு. இரண்டிலும் ஆளுக்கொரு தெர்மாமீட்டர், இரண்டுக்கும் பொதுவாக எதிரே ஒரு பல்பு. இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் கரியமில வாயு பாட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகியிருக்கும். அவ்வளவுதான் சோதனை. இதுவரைக்கும் எந்தத் தகராறும் இல்லை. "ஆகவே பூமியும் இப்படித்தான் சூடாகிறது" என்று அடுத்த வரியில் முடிப்பார்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சோதனையை ஒழுங்காகச் செய்வோம்.

என்னென்ன வாங்கணும்? லேப் சாமான் கடைக்குப் போகணுமா?

வேண்டாம். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே வடிவம், லேபிளைக் கிழித்துவிட்டு நன்றாகக் காயவைத்தது. வாயு தயாரிக்க ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று. ஆப்ப சோடா, வினிகர். பேக்கிங் பவுடர் வாங்கி வராதீர்கள், அது வேறு.

தெர்மாமீட்டருக்குக் கொளத்தூர் மீன் மார்க்கெட்தான் என் சிபாரிசு. மீன் தொட்டிக்கு என்று ஒயரோடு ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் விற்பார்கள், ஒயர் நுனியில் சென்சார் இருக்கும், அதை பாட்டிலுக்குள் விட்டு மூடியில் போட்ட ஓட்டையை அடைத்துவிடலாம். 0.1 டிகிரி வரை காட்டும். அங்கேயே மீன் தொட்டிக்குக் காற்று போகிற மெல்லிய டியூபும் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், வாயுவைக் கொண்டுபோக அதுதான் தோது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அதன் அளவே 42ஓடு முடிந்துவிடும்.

வாங்கி வந்ததும் இரண்டு சென்சாரையும் ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். நான் வாங்கிய ஜோடியில் ஒன்று 30.2 என்றது, இன்னொன்று 30.9 என்றது, தண்ணீரோ ஒன்றுதான். 0.1 வரை காட்டுகிறது என்பதால் 0.1 வரை சரியாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. அந்த 0.7ஐ ஒரு பேப்பரில் எழுதி அந்த தெர்மாமீட்டர் மேலேயே ஒட்டிவிட்டேன், ஒவ்வொரு முறையும் கழித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் "ஒரு டிகிரி வித்தியாசம் வந்தது" என்று குதிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வந்தது வாயுவின் வித்தியாசம் அல்ல, கடைக்காரர் கொடுத்த வித்தியாசம்.

எவ்வளவு ஆப்ப சோடா, எவ்வளவு வினிகர்?

கணக்கு இது:

```
NaHCO3 + CH3COOH → CO2 + H2O + CH3COONa
```

84 கிராம் ஆப்ப சோடா முழுதாக வேலை செய்தால் நம்மூர் வெயிலில் சுமார் 25 லிட்டர் வாயு வரும். அப்படியானால் இரண்டு லிட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம், தலைதட்டிய ஒன்றரை டீஸ்பூன். கூடவே 4 சதவீத வினிகர் 125 மில்லி. ஆனால் பாட்டிலில் இருக்கிற காற்று அப்படியே ஒதுங்கி வழிவிடாது, பாதி கலந்துவிடும். அதனால் இதே அளவை மூன்று தடவை தனித்தனியாகச் செய்து, மூன்று தடவையும் வாயுவை உள்ளே அனுப்புகிறேன். மொத்தத்தையும் ஒரே தடவை கொட்டினால் நுரை பொங்கி டியூப் வழியே வினிகர் போய்விடும். ஒரு தடவை போய் அன்றைய வகுப்பே புளித்த வாசனையோடு முடிந்தது.

ஆப்ப சோடாவை டிஷ்யூ பேப்பரில் பொட்டலம் மாதிரி மடித்து வினிகருக்குள் போட்டுவிட்டு, டியூப் சொருகிய மூடியை உடனே மூடுங்கள். டியூபின் மறுமுனை பெரிய பாட்டிலின் அடிவரை போக வேண்டும், அந்தப் பாட்டிலின் வாய் திறந்தே இருக்க வேண்டும். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியிலிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளும். ஒரே ஒரு எச்சரிக்கை: சோடாவும் வினிகரும் இருக்கிற பாட்டிலை வாயு போக வழியில்லாமல் இறுக்கி மூடவே கூடாது, வெடிக்கும்.

நிரம்பிடுச்சானு எப்படித் தெரியும்? தீக்குச்சி வெச்சுப் பாத்தா போதுமா?

போதாது. தீக்குச்சி பாட்டில் முழுக்க நிரம்புவதற்கு ரொம்ப முன்னாலேயே அணைந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீர் கொஞ்சம் வாயுவுக்கே பால் மாதிரி ஆகிவிடும். இரண்டும் "உள்ளே கரியமில வாயு இருக்கிறது" என்று சொல்லும், "எவ்வளவு இருக்கிறது" என்று சொல்லாது.

எனக்குத் தெரிந்து எடை போட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. நகை எடை போடுகிற மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு இப்போது சல்லிசாகவே கிடைக்கிறது. காய்ந்த பாட்டிலைக் காற்றோடு நிறுத்துக்கொள்ளுங்கள், வாயு நிரப்பியபின் மறுபடி நிறுங்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.16 கிராம், ஒரு லிட்டர் கரியமில வாயு சுமார் 1.77 கிராம். இரண்டு லிட்டர் பாட்டிலில் முழுக்க நிரம்பினால் எடை சுமார் 1.2 கிராம் ஏற வேண்டும். 0.8 ஏறினால் மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருக்கிறது, இன்னொரு பொட்டலம் போடுங்கள். 2 கிராம் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே வினிகர் தெறித்திருக்கிறது.

வாயுவுக்கு எடை உண்டு என்று புத்தகத்தில் படித்த பிள்ளைகள், காலியாகத் தெரிகிற பாட்டில் தராசில் ஒரு கிராம் ஏறுவதைப் பார்த்துவிட்டு "மிஸ், இன்னொரு தடவை" என்று கேட்பதற்காகவே நான் இதைச் செய்வேன்.

எங்க ஸ்கூல்ல செஞ்சோம், கரியமில வாயு பாட்டில்தான் குறைவா காட்டுச்சு. ஏன்?

சோடாவையும் வினிகரையும் அந்தப் பாட்டிலுக்குள்ளேயே ஊற்றியிருப்பீர்கள். இந்த வினை நடக்கும்போது குளிரும், கையால் தொட்டாலே தெரியும். அதோடு அடியில் கிடக்கிற வினிகர் சூட்டையெல்லாம் வாங்கிக்கொள்ளும். காற்றுப் பாட்டில் காலியாக இருக்க, இது மட்டும் சில டிகிரி கீழே இருந்து, ஈரச் சுமையோடு ஓட ஆரம்பிக்கிறது. இருபது நிமிடத்தில் எட்டிப் பிடிக்காது.

அதனால்தான் வாயுவை வேறு பாட்டிலில் தயாரிக்கச் சொன்னேன். நிரப்பியபின் இரண்டு பாட்டிலும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை, கால் மணி நேரமாவது, பல்பு போடாமல் காத்திருங்கள்.

என்ன பல்பு? எவ்வளவு தூரத்துல வெக்கணும்?

எல்இடி வேண்டாம், பழைய குண்டு பல்பு. 100 வாட் கிடைத்தால் நல்லது, இல்லை 60. எல்இடி குறைந்த கரண்டில் பெரும்பாலும் வெளிச்சமாகத்தான் தரும், குண்டு பல்பு சூட்டைத்தான் அள்ளி வீசும், நமக்கு வேண்டியது அதுதான்.

தூரம் 30 சென்டிமீட்டர். ஒரு தடவை அவசரத்தில் 12 சென்டிமீட்டரில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் பாட்டில் இடுப்பு ஒடிந்த மாதிரி வளைந்து நின்றது.

பாட்டிலின் பின்பக்கச் சுவரோடு ஒட்டினாற்போல் உள்ளே ஒரு கறுப்புச் சார்ட் துண்டு வையுங்கள், இரண்டிலும் ஒரே அளவு. வெளிச்சத்தை வாங்கிச் சூடாவது அந்தக் காகிதம்தான், அது வாயுவைச் சூடாக்கும். சென்சார் நுனிக்கு அலுமினியத் தாளில் ஒரு சின்னக் குல்லா போடுங்கள், இல்லாவிட்டால் பல்பு வெளிச்சம் நேராகச் சென்சார் மேல் விழுந்து அதன் சூட்டைத்தான் காட்டும், வாயுவின் சூட்டை அல்ல.

அப்புறம் மின்விசிறி. மே மாதத்தில் ராயபுரத்தில் ஃபேனை நிறுத்து என்றால் பிள்ளைகள் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும், ஆனால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். காற்றை மறைக்க நான் மீன் ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை மூன்று பக்கம் மட்டும் விட்டு வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று முறை கழுவியும் வாசனை போகவில்லை, மற்றபடி அருமையான பெட்டி.

நாங்க ரெண்டு பாட்டிலையும் சரியா 30 சென்டிமீட்டர்லதான் வெச்சோம். எங்க ரிசல்ட்ட நம்பலாமா?

ஒரு முறை மட்டும் செய்திருந்தால் நம்பாதீர்கள். பல்பிலிருந்து ஒரு பாட்டில் 30 சென்டிமீட்டரிலும் இன்னொன்று 29லும் இருந்தால், கிட்டே இருப்பதற்கு 7 சதவீதம் கூடுதல் வெளிச்சம். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும், தூரம் குறையக் குறைய வேகமாக ஏறும். பாட்டில் அறையைவிட 12 டிகிரி சூடாகிறது என்றால் அந்த 7 சதவீதமே ஏறக்குறைய 0.8 டிகிரி. நாம் தேடுகிற வித்தியாசமும் அந்த அளவில்தான் இருக்கிறது. குண்டு பல்பின் கம்பிச்சுருள் நடுவில் நேராக இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே அடிக்கும். ஸ்கேல் வைத்து அளந்து இதைச் சரிசெய்ய முடியாது.

இதற்கு வழி, பாட்டில்களை இடம் மாற்றி மறுபடி செய்வது. எங்கள் வகுப்பில் ஒரு சனிக்கிழமை வந்த அளவுகளைச் சொல்கிறேன், தெர்மாமீட்டர் வித்தியாசத்தைக் கழித்தபின் வந்தவை. முதல் ஓட்டத்தில் கரியமில வாயு இடது பக்கம், காற்று வலது பக்கம். இரண்டும் 31.4இல் தொடங்கின. 20 நிமிடம் கழித்துக் காற்று 43.1, கரியமில வாயு 44.6. 1.5 டிகிரி! பிள்ளைகள் கைதட்டியே விட்டார்கள். சரி, ஆறட்டும் என்று விட்டு, பாட்டில்களை மட்டும் இடம் மாற்றினோம். இந்த முறை காற்று 43.9, கரியமில வாயு 43.8. வித்தியாசம் ஒன்றுமில்லை, சொல்லப்போனால் 0.1 குறைவு. அறையில் ஒரே அமைதி.

பிறகு பலகையில் போட்டுப் பார்த்தோம். முதல் ஓட்டத்தில் வந்தது வாயுவின் பங்கும் இடது பக்கத்தின் பங்கும் சேர்ந்தது. இரண்டாவதில் வந்தது வாயுவின் பங்கிலிருந்து இடது பக்கத்தின் பங்கு போக மிச்சம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வாயுவின் பங்கு 0.7. கழித்துப் பாதியாக்கினால் இடது பக்கத்தின் பங்கு 0.8. எங்கள் மேசையில் இடது பக்கம் நிற்பதற்குக் கரியமில வாயுவைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம்! ஆனாலும் 0.7 மிஞ்சியது. அதற்குப் பின் இரண்டு சனிக்கிழமை இதே மாதிரி மாற்றி மாற்றிச் செய்தும் வித்தியாசம் அதைச் சுற்றியேதான் வந்தது. அது நிஜமான வித்தியாசம்.

அப்போ அந்த 0.7 டிகிரிதான் பசுமை இல்ல விளைவு, சரிதானே?

நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, "மிஸ், கனமா இருக்கிறதால சூடாகுதா, கரியமில வாயுங்கிறதால சூடாகுதா?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு ஒரே வழி, கரியமில வாயு மாதிரியே கனமாக இருந்து, ஆனால் வெப்பக் கதிரை உறிஞ்சவே உறிஞ்சாத ஒரு வாயுவைப் பாட்டிலில் அடைத்துப் பார்ப்பது. அப்படி ஒன்று இருக்கிறது, ஆர்கான். ஒற்றை அணு, அகச்சிவப்புக் கதிரை அது கண்டுகொள்வதே இல்லை. கரியமில வாயுவின் எடை 44 என்றால் இதற்கு 40, காற்றுக்கு 29.

ஆர்கானுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம், வடசென்னையில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம். திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்கிற பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன், ஒரு பெரிய பலூனில் பிடித்துக் கொடுத்தார். ஒன்றைக் கவனியுங்கள்: டிக் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் சுத்தமான ஆர்கான் என்று கேட்டு வாங்குங்கள். மிக் வெல்டிங் சிலிண்டரில் பெரும்பாலும் கரியமில வாயுவைக் கலந்துதான் வைத்திருப்பார்கள், அதை வாங்கினால் சோதனையே பாழ். சிலிண்டரை வகுப்புக்குத் தூக்கி வர வேண்டாம், பலூன் போதும். கையை விட்டதும் அந்தப் பலூன் தொப்பென்று தரையில் விழும், அதற்கே பிள்ளைகள் ஒரு கூச்சல் போடுவார்கள்.

நிரப்பி எடை பார்த்தோம், 0.9 கிராம் ஏறியது, கணக்குப்படி சரி. காற்றோடு ஜோடி போட்டு, இடம் மாற்றி, இரண்டு ஓட்டம். ஆர்கானின் பங்கு 0.6 டிகிரி.

கரியமில வாயுவுக்கு 0.7, வெப்பக் கதிரையே தொடாத ஆர்கானுக்கு 0.6. நம் தெர்மாமீட்டருக்கு இந்த 0.1 ஒரு வித்தியாசமே அல்ல. ஆக, பாட்டிலைச் சூடாக்கியது, முக்கால்வாசிக்கும் மேல், வெப்பக் கதிரைப் பிடிக்கிற குணம் அல்ல.

இது நான் கண்டுபிடித்ததும் அல்ல. 2010இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ் இதழில் மூன்று பேர் இந்த வகை வகுப்பறைச் சோதனையை ஆர்கான் வைத்துச் சோதித்து, விடை சரி, காரணம்தான் தப்பு என்று எழுதிவிட்டார்கள்.

அப்போ எதனாலதான் சூடாகுது?

சூட்டை வெளியே கொண்டுபோகிற வேலையில் இந்த இரண்டு வாயுவும் சோம்பேறிகள். கறுப்புக் காகிதம் சூடாகிறது, பக்கத்தில் இருக்கும் வாயு அந்தச் சூட்டை வாங்கிச் சுழன்று பாட்டில் சுவரில் கொண்டுபோய்க் கொடுக்கிறது, சுவர் வழியே வெளியே போகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனில் கரியமில வாயுவும் ஆர்கானும் காற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உள்ளே வருகிற சூடு அதேதான், வெளியே போகிற வேகம் குறைவு, அதனால் உள்ளே கொஞ்சம் ஏறி நிற்கிறது. வெளிநாட்டில் இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு நடுவே ஆர்கானை அடைக்கிறார்களே, இதே காரணத்துக்குத்தான்.

வாய் திறந்த பாத்திரத்தில் செய்தால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கனமான வாயு அடியில் படிந்து கிடக்கும், மேலே இருக்கும் காற்றோடு லேசில் கலக்காது, சூட்டையும் கலக்க விடாது.

ஆனா கரியமில வாயு வெப்பக் கதிரை உறிஞ்சும்தானே? அது ஏன் பாட்டில்ல தெரியல?

உறிஞ்சும், அதில் சந்தேகமே இல்லை. பாட்டில்தான் அதைக் காட்ட விடுவதில்லை.

குண்டு பல்பின் கம்பி இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி அளவில் எரிகிறது, அதன் கதிர் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டரைச் சுற்றி இருக்கும். கரியமில வாயு அதை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அது நன்றாகப் பிடிப்பது 15 மைக்ரோமீட்டர் பக்கம், அதாவது தரை, சுவர், நம் உடம்பு மாதிரி மிதமான சூட்டில் இருக்கும் பொருள்கள் வீசுகிற கதிரை. பூமி விஷயத்தில் வேலை செய்வது அந்தக் கதிர்தான். ஆனால் பாட்டிலுக்குள் கறுப்புக் காகிதம் வீசும் அந்தக் கதிரை பிளாஸ்டிக் சுவரே நிறையப் பிடித்துக்கொள்கிறது, கண்ணாடி பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம், 5 மைக்ரோமீட்டருக்கு மேல் அது சுவர்தான். அதாவது இரண்டு பாட்டிலுக்கும் ஏற்கெனவே ஒரு கம்பளி போர்த்தியாயிற்று. அதற்கு உள்ளே இன்னொரு மெல்லிய துண்டைப் போர்த்திவிட்டு வித்தியாசம் தேடுகிறோம்.

1859இல் லண்டனில் ஜான் டிண்டால் இதை அளந்தபோது இந்தச் சிக்கல் அவருக்குத் தெரிந்திருந்தது. குழாயின் இரண்டு முனையையும் கண்ணாடியால் மூடாமல் கல்லுப்புப் பாளத்தால் மூடினார், ஏனென்றால் உப்பு வெப்பக் கதிரை விடும். சூட்டுக்கு விளக்கை நம்பாமல் கொதிநீர் நிரம்பிய பெட்டியை வைத்தார். வாயு எவ்வளவு சூடானது என்று பார்க்கவில்லை, அதைத் தாண்டி எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று பார்த்தார். சோதனை இப்படி இருந்தால்தான் அந்தக் குணம் பிடிபடும்.

எங்க மாமா, "பார்த்தியா, சோதனையே தப்பு, புவி வெப்பமயமாதல் எல்லாம் கதை"ன்னு வாட்ஸ்அப்ல போடுறாரு. என்ன சொல்றது?

பாட்டில் தப்பாகக் காட்டியது என்றால் தப்பு பாட்டிலுடையது, வானத்துடையது அல்ல. பூமி சூடாகிறது என்று எந்த விஞ்ஞானியும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பார்த்து முடிவு செய்யவில்லை. 1970இல் நிம்பஸ் 4 என்ற செயற்கைக்கோள் மேலே இருந்து பூமி வெளியே விடுகிற வெப்பக் கதிரை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்தது. 15 மைக்ரோமீட்டர் பக்கம் வந்ததும் அந்தக் கோட்டில் ஒரு பெரிய பள்ளம். தரையிலிருந்து கிளம்பிய கதிர் வழியில் பிடிபட்டு, மேலே வெகு உயரத்தில் மைனஸ் 50 டிகிரிக் குளிரில் இருக்கும் கரியமில வாயு வீசுகிற பலவீனமான கதிர் மட்டும்தான் விண்வெளிக்குத் தப்பிக்கிறது.

பாட்டிலில் இல்லாத சங்கதி இதுதான். வானத்தில் மேலே போகப் போகக் குளிரும். கரியமில வாயு கூடினால் கதிர் தப்பிக்கிற இடம் இன்னும் உயரமாக, இன்னும் குளிர்ந்த இடமாகப் போய்விடும், குளிர்ந்த இடம் குறைவாகத்தான் வீசும். வெளியே போவது குறைந்தால், வரவும் செலவும் சரியாகும்வரை கீழே சூடு ஏறும். ஒரு ஜாண் பாட்டிலுக்குள் அந்த மேல்-கீழ் வித்தியாசத்தைக் கொண்டுவர முடியாது.

காத்துல 0.04 சதவீதம்தானே இருக்கு, பாட்டில்ல 100 சதவீதம் அடைச்சும் ஒண்ணும் தெரியலைன்னா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். 1958இல் ஹவாய் தீவின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அதாவது 0.042 சதவீதம், கேட்கச் சின்னதுதான். ஆனால் கதிருக்குச் சதவீதம் தெரியாது, வழியில் எத்தனை மூலக்கூறு எதிர்ப்படுகிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வளிமண்டலத்திலிருந்து கரியமில வாயுவை மட்டும் தனியே பிரித்துத் தரைமட்ட அழுத்தத்தில் படியவைத்தால் மூன்று மீட்டருக்கு மேல் நிற்கும், ஓர் ஆளைத் தாண்டி, வீட்டுக் கூரை உயரத்துக்கு. பாட்டிலின் அகலம் 11 சென்டிமீட்டர். முழுக்க அடைத்தாலும் வானத்தில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்குதான்.

1856லயே ஒரு அம்மா இதே சோதனையைச் செஞ்சாங்களாமே?

ஆமாம், அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட். கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, தெர்மாமீட்டர் வைத்து, வெயிலில் வைத்தார். கரியமில வாயு உருளைதான் அதிகம் சூடானது, ஆறுவதற்கும் ரொம்ப நேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடினால் பூமியே சூடாகும் என்று எழுதிய முதல் ஆள் அவர்தான். ஆனால் அவர் உருளையும் கண்ணாடிதான், சூடும் வெயில்தான், ஆகவே நம் பாட்டிலுக்குச் சொன்ன குறை அதற்கும் பொருந்தும். யூகம் சரியாக இருந்தது, உருளை அதை நிரூபிக்கவில்லை. அதற்காக அவர் பெயரை விட்டுவிட வேண்டியதில்லை.

எக்ஸிபிஷன் சார்ட்ல அப்போ என்ன எழுதுறது? மார்க் போயிடுமா?

"கரியமில வாயு பாட்டில் காற்றைவிட 0.7 டிகிரி கூடுதல், ஆர்கான் 0.6 கூடுதல், ஆகவே இந்தச் சோதனையில் முக்கியக் காரணம் வாயு சூட்டைக் கடத்தும் விதம்" என்று எழுதுங்கள். பக்கத்திலேயே நிம்பஸ் வரைபடத்தைக் கையால் வரைந்து வைத்து, வானத்தில் நடப்பது இது என்று காட்டுங்கள். ஆர்கான் கிடைக்கவில்லையா, இடம் மாற்றிச் செய்த இரண்டு ஓட்டத்தின் அளவுகளையும் அப்படியே வையுங்கள், நன்றாக வந்த ஓட்டத்தை மட்டும் பொறுக்கி வைக்காதீர்கள். எங்கள் பிள்ளைகள் போன ஒரு இடத்தில் நடுவராக வந்தவர் "பாடத்தில் இப்படி இல்லையே" என்று மார்க்கைக் குறைத்தார், அதுவும் நடக்கும். இன்னொரு இடத்தில் நடுவர் அந்தப் பலூனைக் கையில் வாங்கிக் கீழே போட்டுப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றார்.

மொட்டைமாடி வெயில்ல செய்யலாமா? கரண்ட் மிச்சம்.

காலை ஒன்பதரைக்குள் முடிக்க முடியுமானால் செய்யலாம். மதியவாக்கில் கடல் காற்று இறங்கிவிட்டால் ஓரத்து பாட்டில் ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று ஆடும். மேகம் ஒன்று போனால் மொத்தமும் மறுபடி.

கோலி சோடாவுல வர்ற வாயுவைப் பிடிக்கலாமா, வினிகர் வாடையே இல்லாம?

தாராளமாக. அதுவும் அதே வாயுதான். 200 மில்லி பாட்டில் ஒன்றிலிருந்து அரை லிட்டருக்குக் குறையாமல் வரும், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் சீக்கிரம் வரும். வழியில் ஒரு காலி பாட்டிலை வைத்து அதற்குள் விட்டு எடுங்கள், தெறிக்கிற சாரல் அதிலேயே தங்கிவிடும். ஒரு ஓட்டத்துக்கு எட்டுப் பத்து சோடா ஆகும், மிச்சத் தண்ணீரை என்ன செய்வது என்று பிள்ளைகளிடம் கேட்டால் எலுமிச்சையோடு வருவார்கள்.